வேலையில் இடைவெளியா? விண்ணப்பத்தோடு வைக்கும் விளக்கக் கடிதத்தில் என்ன எழுதணும், எதை எழுதக் கூடாது?

படிப்பு முடித்து மூணு வருஷம் வேலை பார்த்திருப்பீங்க. அதுக்குப் பிறகு வீட்டுச் சூழல், உடல்நலம், பரீட்சை, கம்பெனி மூடல் என ஏதோ ஒரு காரணத்தால் ஒன்றிரண்டு வருடம் வேலை இல்லாமல் போயிருக்கும். இப்போது மறுபடி விண்ணப்பிக்கும்போது, 'இடைவெளிக்கான விளக்கத்தை இணைக்கவும்' என்று நிறுவனம் கேட்கிறது. கேட்காவிட்டாலும், பயோடேட்டாவைப் பார்க்கிறவர் கண் முதலில் அந்த வெற்றிடத்தில்தான் போய் நிற்கும்.

அதற்குத்தான் இந்தச் சின்னக் கடிதம். அரைப் பக்கம் போதும். ஆனால் பலர் இதை ஒரு மன்னிப்புக் கடிதம் மாதிரி எழுதுகிறார்கள். படிக்கிற ஹெச்ஆர் அதில் தேடுவது வேறு. அது என்ன, எப்படி எழுதணும் என்பதை ஒரு உதாரணத்தோடு பார்ப்போம்.

ஹெச்ஆர் எதைத் தேடுகிறார்?

மூன்று கேள்விகளுக்கான பதிலைத்தான். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வேலையில் இல்லை? ஏன்? அந்தக் காரணம் இப்போது முடிந்துவிட்டதா?

எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நடுவில் இருக்கிற 'ஏன்' என்ற கேள்விக்கே முக்கால் கடிதத்தைச் செலவு செய்கிறார்கள். ஆனால் வேலைக்கு எடுப்பவருக்கு முதல் கேள்வியும் மூன்றாவது கேள்வியும்தான் முக்கியம். தேதி சரியா என்பது சரிபார்ப்பு விஷயம். காரணம் முடிந்துவிட்டதா என்பது, 'இவர் சேர்ந்து ரெண்டு மாசத்துல மறுபடி போயிடுவாரா?' என்ற சந்தேகம்.

இந்தச் சந்தேகம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு ஆய்வு இருக்கிறது. அமெரிக்க சமூகவியலாளர் கேட் வைஸ்ஹார் 2018-ல் 'அமெரிக்கன் சோஷியாலஜிக்கல் ரிவ்யூ' இதழில் வெளியிட்டது. உண்மையான வேலை விளம்பரங்களுக்குக் கற்பனை நபர்களின் பெயரில் விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார். எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே தகுதி. தொடர்ந்து வேலையில் இருக்கும் அம்மாக்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கு அழைப்பு வந்தது. வேலை பறிபோய் வீட்டில் இருந்த அம்மாக்களுக்கு அது சுமார் 10 சதவீதம். குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தானாக வேலையை விட்டதாகச் சொன்ன அம்மாக்களுக்கு வெறும் 5 சதவீதம். அப்பாக்களின் விண்ணப்பங்களிலும் இதே வரிசைதான்.

வேலை இல்லாமல் இருந்த காலம் இரண்டு தரப்புக்கும் ஒன்றுதான். வித்தியாசம் காரணத்தில் மட்டுமே. குடும்பத்துக்காக விட்டவர் வேலையை இரண்டாம் பட்சமாக வைப்பார் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இது நியாயமா என்றால் இல்லை. ஆய்வு நடந்ததும் அமெரிக்காவில், நம்ம ஊரில் இல்லை. ஆனால் கடிதம் எழுதுகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது: காரணத்தை மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால், அந்தக் கடிதமே உங்களுக்கு எதிராகப் போகலாம். 'அது முடிந்துவிட்டது, இப்போது முழுநேரம் வர முடியும்' என்ற வரி கட்டாயம் வேண்டும்.

ஒரு உதாரணம்: கரையாம்புத்தூரிலிருந்து வில்லியனூருக்கு

புரிவதற்காக ஒரு கற்பனை உதாரணம் எடுத்துக்கொள்வோம். பாகூர் கொம்யூன் கரையாம்புத்தூரைச் சேர்ந்த ஒரு பி.காம் பட்டதாரி. வயது 29. கிருமாம்பாக்கம் பக்கம் ஒரு நிறுவனத்தில் 2018 ஜூன் 11-ல் கணக்கு உதவியாளராகச் சேர்ந்தார். 2021 ஆகஸ்ட் கடைசியில் அம்மாவுக்குப் பக்கவாதம். செப்டம்பர் முழுக்கச் சம்பளமில்லா விடுப்பு. நிலைமை சரியாகாததால் செப்டம்பர் 30-ல் வேலையை விட்டுவிட்டார். 2024 பிப்ரவரி 5-ல் வில்லியனூரில் ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கிறார். அவர் முதலில் எழுதிய கடிதம் இப்படி இருக்கிறது:

> ஐயா, என் தாயாருக்குத் திடீரென பக்கவாதம் ஏற்பட்டுவிட்டது. என் அண்ணன் வெளிநாட்டில் இருப்பதால் பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லை. எனவே வேலையை விட வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. சுமார் இரண்டு வருடங்களாக வீட்டில்தான் இருக்கிறேன். தற்போது குடும்பச் சூழ்நிலை காரணமாக எனக்கு வேலை மிகவும் அவசியம். தயவுசெய்து ஒரு வாய்ப்பு தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

படித்தால் மனசு இளகும். ஆனால் ஹெச்ஆர் பார்வையில் இதில் நான்கு சிக்கல்கள் இருக்கின்றன.

முதலாவது, தேதியே இல்லை. 'சுமார் இரண்டு வருடம்' என்கிறார். உண்மையில் அது 2 வருடம் 4 மாதம். விண்ணப்பப் படிவத்தில் சரியான தேதி இருந்தால், கடிதம் மறைக்கப் பார்ப்பது போல ஆகிவிடும்.

இரண்டாவது, 'வேறு யாரும் இல்லை' என்ற வரி. அன்றைக்கு யாரும் இல்லை என்றால் இன்றைக்கு யார் பார்த்துக்கொள்கிறார்கள்? கடிதத்தில் பதில் இல்லை. நாளைக்கு மறுபடி ஒரு அவசரம் வந்தால் இவர் வேலைக்கு வரமாட்டார் என்று படிப்பவர் முடிவு செய்துவிடுவார்.

மூன்றாவது, 'வீட்டில்தான் இருக்கிறேன்' என்று அவரே தன் இடைவெளியை வெறுமையாக்கிவிட்டார். விசாரித்தால், ஊர் மகளிர் சுய உதவிக் குழுவின் வரவு செலவுக் கணக்கை அவர்தான் எழுதுகிறார். மூன்று மாத டேலி, ஜிஎஸ்டி பயிற்சியும் முடித்திருக்கிறார். கணக்கு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இதைவிடப் பொருத்தமான தகவல் வேறு எது?

நான்காவது, கெஞ்சல். வேலை தேவை என்பது விண்ணப்பிக்கிற எல்லோருக்கும் பொருந்தும். அந்த இரண்டு வரி எதையும் நிரூபிக்காது.

தேதியை எங்கே சரிபார்ப்பார்கள்?

கடிதத்தைத் திருத்துவதற்கு முன்பு ஒரு வேலை இருக்கிறது. அதுதான் பிஎஃப் பதிவைப் பார்ப்பது.

20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் பிஎஃப் சட்டத்துக்குள் வரும். அங்கே வேலை பார்த்தவர்களுக்கு யுஏஎன் என்ற 12 இலக்க எண் இருக்கும். கம்பெனி மாறினாலும் எண் மாறாது. அதனால் நீங்கள் எங்கே, எப்போது சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்பது அந்த ஒரே எண்ணில் வரிசையாகப் பதிவாகியிருக்கும். பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷன் செய்யும் நிறுவனங்கள் பல, முதலில் கேட்பது இந்தப் பதிவைத்தான்.

நீங்களே பார்க்கலாம். unifiedportal-mem.epfindia.gov.in தளத்தில் யுஏஎன், பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போனால், View மெனுவில் Service History இருக்கும். மாத வாரியான பங்களிப்பைப் பார்க்க passbook.epfindia.gov.in தனியாக இருக்கிறது.

இங்கே இரண்டு விஷயங்களில் பலர் குழம்புகிறார்கள். ஒன்று, பாஸ்புக்கில் பணம் வரவான தேதி. ஒரு மாதச் சம்பளத்துக்கான பிஎஃப்-ஐ நிறுவனம் அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்டணும். அதனால் ஆகஸ்ட் மாதப் பணம் செப்டம்பரில்தான் வரவாகும். வரவுத் தேதியைப் பார்த்து 'செப்டம்பர் வரை வேலை' என்று எழுதிவிடக் கூடாது. எந்த மாதச் சம்பளத்துக்கு உரியது என்பதைத்தான் பார்க்கணும்.

இன்னொன்று, விலகிய தேதி. பல பேருக்கு அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும். பழைய நிறுவனம் பதிவு செய்யாமல் விட்டிருக்கும். அப்படி இருந்தால், பதிவின்படி நீங்கள் இன்னும் பழைய கம்பெனியிலேயே இருப்பதாக அர்த்தம். கடிதத்தில் 'வேலையில் இல்லை' என்று எழுதினாலும் பதிவு வேறு மாதிரி சொல்லும்.

இதை நீங்களே சரிசெய்ய வழி இருக்கிறது. அதே தளத்தில் Manage மெனுவில் Mark Exit. கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் கழிந்திருக்கணும். ஆதாரோடு இணைந்த செல்போனுக்கு ஓடிபி வரும். ஆனால் இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு: கடைசியாகப் பங்களிப்பு வந்த மாதத்துக்குள் இருக்கும் ஒரு தேதியைத்தான் கொடுக்க முடியும்.

நம் உதாரணத்தில் சிக்கல் இங்கேதான் வருகிறது. செப்டம்பர் முழுக்கச் சம்பளம் இல்லாததால் அந்த மாதத்துக்குப் பங்களிப்பு இல்லை. கடைசிப் பங்களிப்பு ஆகஸ்ட். அவரே தேதியைப் பதிவு செய்தால் ஆகஸ்டில்தான் ஒரு தேதி போட முடியும். ஆனால் ரிலீவிங் லெட்டரில் செப்டம்பர் 30 என்று இருக்கிறது. ஒரு மாதம் இடிக்கும். எனவே முதலில் பழைய நிறுவனத்திடம் பேசி, அவர்கள் மூலமாக விலகிய தேதியைப் பதிவு செய்யக் கேட்பதே நல்லது. அது நடக்கும் வரை, அந்த ஒரு மாத வித்தியாசத்தைக் கடிதத்திலேயே ஒரு வரியில் சொல்லிவிடணும். நீங்களே முன்கூட்டிச் சொன்னால் அது தகவல். அவர்கள் கண்டுபிடித்தால் அது சந்தேகம்.

திருத்திய கடிதம்

> பெறுநர்: மனிதவளப் பிரிவு
> பொருள்: கணக்கு உதவியாளர் பணி – பணி இடைவெளி பற்றிய விளக்கம்
>
> மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,
>
> முந்தைய நிறுவனத்தில் 2018 ஜூன் 11 முதல் 2021 செப்டம்பர் 30 வரை கணக்கு உதவியாளராகப் பணியாற்றினேன். 2021 அக்டோபர் 1 முதல் இன்று வரை, அதாவது 2 ஆண்டு 4 மாதங்கள், எந்த நிறுவனத்திலும் பணியில் இல்லை. 2021 செப்டம்பரில் சம்பளமில்லா விடுப்பில் இருந்ததால், பிஎஃப் பதிவில் கடைசிப் பங்களிப்பு ஆகஸ்ட் மாதத்துக்கு உரியது. ரிலீவிங் லெட்டர் நகலை இணைத்துள்ளேன்.
>
> என் தாயாரின் உடல்நிலை காரணமாக அவரைக் கவனித்துக்கொள்வதற்காகப் பணியிலிருந்து விலகினேன். அவர் இப்போது உடல்நலம் தேறிவிட்டார். பகல் நேரத்தில் உடனிருக்க உறவினர் ஒருவர் வீட்டில் இருக்கிறார். முழுநேரப் பணிக்குத் தடை ஏதும் இல்லை.
>
> இந்தக் காலத்தில், 2022 முதல் எங்கள் ஊர் மகளிர் சுய உதவிக் குழு ஒன்றின் வரவு செலவுக் கணக்கை எழுதி வருகிறேன். 2023 ஆகஸ்டில் மூன்று மாத டேலி, ஜிஎஸ்டி பயிற்சியை முடித்தேன். சான்றிதழ் இணைத்துள்ளேன்.
>
> பிப்ரவரி 12 முதல் பணியில் சேர முடியும்.
>
> இப்படிக்கு,
> (பெயர், கையொப்பம், தேதி)

முதல் பத்தி தேதி. இரண்டாவது பத்தி காரணம், அதோடு அது முடிந்த விஷயம். மூன்றாவது பத்தி அந்தக் காலத்தில் செய்த வேலை. கடைசியில் சேரக்கூடிய நாள். அவ்ளோதான். ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே வரிசைதான்.

கவனிச்சீங்களா? பக்கவாதம் என்ற வார்த்தையே இதில் இல்லை. அண்ணன் எங்கே இருக்கிறார் என்பதும் இல்லை. அம்மாவின் நோயின் பெயர் ஹெச்ஆருக்குத் தேவையில்லை. பகலில் உடனிருக்க ஆள் இருக்கிறார் என்பது மட்டும் தேவை. அந்த வரி உண்மையாகவும் இருக்கணும். வீட்டில் இன்னும் ஏற்பாடு ஆகவில்லை என்றால், 'தடை ஏதும் இல்லை' என்று எழுதிவிட்டு முதல் மாதமே லீவு கேட்டு நிற்க வேண்டிவரும். அப்படிப்பட்ட நிலையில், எந்த நேரத்துக்கு வர முடியும் என்பதை வெளிப்படையாக எழுதுவதுதான் நல்லது.

சுய உதவிக் குழுக் கணக்கைப் பற்றி எழுதினால், 'எத்தனை உறுப்பினர்கள், கடன் கணக்கை எப்படி எழுதுவீங்க' என்று நேர்காணலில் கேட்பார்கள். பதில் சொல்ல முடிந்ததை மட்டும் எழுதுங்க. எதுவுமே செய்யவில்லை என்றால் அந்தப் பத்தியையே விட்டுவிடலாம். இல்லாததை நுழைக்க வேண்டாம்.

காரணம் வேறு என்றால்?

*உங்களுக்கே உடல்நலக் குறைவு:* நோயின் பெயர், அறுவை சிகிச்சை விவரம், மாத்திரைப் பட்டியல் எதுவும் வேண்டாம். 'உடல்நலக் காரணத்தால் விலகினேன். சிகிச்சை முடிந்துவிட்டது. பணிக்குத் தகுதியாக இருப்பதாக மருத்துவர் சான்று அளித்துள்ளார்' என்று எழுதினால் போதும். மனநலச் சிகிச்சைக்கும் இதேதான். சிகிச்சை இன்னும் தொடர்கிறது என்றால் 'முடிந்துவிட்டது' என்று எழுதாதீங்க. 'தற்போது முழுநேரம் பணிபுரியும் நிலையில் இருக்கிறேன்' என்பது போதுமானது.

*போட்டித் தேர்வு:* புதுச்சேரி அரசின் யுடிசி தேர்வு, எஸ்எஸ்சி, வங்கித் தேர்வு என்று இரண்டு மூன்று வருடம் படித்தவர்கள் இங்கே நிறைய பேர். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் தனியார் நிறுவனத்துக்கு வரும் பயம் ஒன்றுதான்: 'ரிசல்ட் வந்தா போயிடுவாரே.' தேர்வு எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள் என்றால் எந்த மாதத்தோடு நிறுத்தினீர்கள் என்று எழுதுங்க. நிறுத்தவில்லை என்றால் நிறுத்தியதாக எழுதாதீங்க. 'தேர்வுக்குப் படித்தேன்' என்பதோடு விட்டுவிட்டு, நேர்காணலில் கேட்டால் உண்மையைச் சொல்லலாம்.

*நிறுவனமே மூடப்பட்டது:* இது எழுத எளிதானது. புதுச்சேரியில் 1898-ல் தொடங்கிய ஏஎஃப்டி மில் 2020 ஏப்ரல் 30-ஓடு மூடப்பட்டது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அப்படி மூடப்பட்ட இடத்தில் வேலை பார்த்தவர், 'நிறுவனம் மூடப்பட்டதால் பணி முடிவுக்கு வந்தது' என்று ஒரே வரியில், தேதியோடு எழுதினால் போதும். நிர்வாகத்தின் மீதான குறை, பாக்கி பணம் பற்றிய புகார் இதெல்லாம் இந்தக் கடிதத்தில் வேண்டாம். அது நியாயமான புகாராகவே இருந்தாலும், அதைக் கேட்க வேண்டிய ஆள் இந்த ஹெச்ஆர் இல்லை.

ஸ்டாம்ப் பேப்பரில் எழுதணுமா?

வேலை விண்ணப்பத்தோடு வைக்கும் கடிதத்துக்கு வேண்டாம். வெள்ளைத்தாளில் கையெழுத்து போதும். கல்லூரியில் சேரும்போது படிப்பில் விட்ட வருடங்களுக்காக நோட்டரி கையெழுத்தோடு உறுதிமொழிப் பத்திரம் கேட்பார்கள். அதையும் இதையும் பலர் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். வேலை உறுதியான பிறகு, சரிபார்ப்புக் கட்டத்தில் சில நிறுவனங்கள் உறுதிமொழிப் பத்திரம் கேட்பதுண்டு. கேட்டால் அப்போது கொடுக்கலாம். அதிலும் தேதிகள் இந்தக் கடிதத்தில் உள்ளதுபோலவே இருக்கணும் என்பதால், அனுப்பிய கடிதத்தின் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்க.

அனுபவச் சான்று 'வாங்கி' நிரப்பினால் என்ன?

இடைவெளியை மறைக்க, பெயருக்கு ஒரு கம்பெனியின் அனுபவச் சான்றிதழைப் பணம் கொடுத்து வாங்கித் தருவதாகச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். இது எப்படி மாட்டும் என்றால், அந்த இரண்டு வருடத்துக்கு பிஎஃப் பதிவு இருக்காது. பேங்க் ஸ்டேட்மென்ட்டில் சம்பளம் வரவாகியிருக்காது. வருமான வரிக் கணக்கிலும் அந்த நிறுவனத்தின் பெயர் வராது. சான்றிதழ் ஒன்று சொல்லும், மூன்று பதிவுகள் வேறு சொல்லும்.

சேர்ந்து ஆறு மாதம் கழித்துக் கண்டுபிடித்தாலும் வேலை போகும். போலி ஆவணத்தைப் பயன்படுத்துவது குற்றமும்கூட. அதற்குப் பிறகு வரும் இடைவெளிக்கு இன்னொரு விளக்கக் கடிதம் எழுத வேண்டியிருக்கும். அதில் எழுதக்கூடிய காரணமும் இருக்காது.

பிஎஃப் இல்லாத இடத்தில் வேலை பார்த்திருந்தால்?

ஜவுளிக்கடை, சின்ன ஒர்க்‌ஷாப், ஆடிட்டர் அலுவலகம் போன்ற இடங்களில் பிஎஃப் இருக்காது. அங்கே வேலை பார்த்த காலத்தையும் இடைவெளியாக எழுதிவிடாதீங்க. சம்பளம் வங்கியில் வந்திருந்தால் ஸ்டேட்மென்ட் போதும். கையில் வாங்கியிருந்தால், முதலாளியிடம் சேர்ந்த தேதி, விலகிய தேதி, செய்த வேலை மூன்றும் குறிப்பிட்டு ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்க. இதைச் செய்யாமல் விட்டதாலேயே, உண்மையில் ஆறு மாதமாக இருக்கும் இடைவெளி காகிதத்தில் இரண்டு வருடமாகத் தெரியும்.

அனுப்புவதற்கு முன் கடைசியாக

பயோடேட்டா, விண்ணப்பப் படிவம், ரிலீவிங் லெட்டர், பிஎஃப் பதிவு, இந்தக் கடிதம் ஆகிய ஐந்தையும் பக்கத்தில் வைத்து, சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்க. எங்கேயாவது இடித்தால், எந்த ஆவணம் சரி என்று முடிவு செய்து மற்றவற்றைத் திருத்துங்க. திருத்த முடியாதது இருந்தால் அதற்கு மட்டும் கடிதத்தில் ஒரு வரி சேருங்க. பிறகு கடிதத்தை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, 'எப்போ விட்டேன், எப்போ சேர முடியும்?' என்று கேளுங்க. உடனே பதில் சொல்லிவிட்டால் கடிதம் ரெடி.